குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப் பணியாளரின் ஆதார் நகலும் படமும் போடப்பட்டுள்ளன: நிர்வாகி என்ன செய்ய வேண்டும்?

தென்சென்னைவாசி

வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 84 வீடுகள் உள்ளன. 150 பேர் உள்ள சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு நானும் செயலாளரும் நிர்வாகிகள். நேற்று இரவு பத்து மணியளவில், உறுப்பினர் ஒருவர் தம் வீட்டில் மோதிரம் காணாமற்போனதாகவும், அதை எடுத்தவர் அங்கே வேலை பார்க்கும் பெண்மணிதான் என்றும் எழுதி, அந்த அம்மாவின் ஆதார் அட்டையை முன்பக்கமும் பின்பக்கமும் படமெடுத்துப் போட்டுவிட்டார். கைபேசி எண்ணைத் தனியாகத் தட்டச்சு செய்து, "யாரும் இவரை வேலைக்கு வைக்க வேண்டாம், எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்றும் சேர்த்துள்ளார். கூடவே அந்த அம்மாவின் வாட்ஸ்அப் முகப்புப் படத்தையும் இணைத்திருக்கிறார். அதில் அவருடைய மகளும் இருக்கிறாள். பள்ளிச் சீருடையில் இருப்பதால் சட்டைப் பையின் மேலுள்ள பள்ளி முத்திரை தெளிவாகத் தெரிகிறது.

காவல் நிலையத்தில் இன்னும் புகார் கொடுக்கப்படவில்லை. காலையிலிருந்து குழுவில் பாதிப் பேர் "உடனே அழியுங்கள்" என்றும், மீதிப் பேர் "எச்சரித்தது நல்லதுதானே" என்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். செயலாளரோ, அழித்தால் நாம் அந்த அம்மாவின் பக்கம் சாய்ந்துவிட்டதாகப் பேச்சு வரும் என்று தயங்குகிறார். நிர்வாகி என்ற முறையில் எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

உள்ளதைச்சொல்பவன்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பதிவை அழித்துவிட்டு, போட்டவரைக் குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள். குழுவில் யார் எதைப் போட்டாலும் நிர்வாகிதான் முதல் குற்றவாளி. காவல் துறை உங்களைத்தான் முதலில் அழைக்கும். ஆதார் எண் வெளியே போய்விட்டால் வங்கிக் கணக்கிலுள்ள பணத்தையும் எடுத்துவிடுவார்கள். குழந்தையின் படம் வேறு இருப்பதால் போக்சோ சட்டமும் பாயும். தாமதிக்க வேண்டாம்.

மதுரைவழக்குரைஞர்

மேலே நண்பர் சொன்னவற்றில் அழிக்க வேண்டும் என்பது சரி. மற்றவற்றைத் திருத்திக்கொள்வது நல்லது, ஏனென்றால் பயத்தில் செய்கிற காரியம் பெரும்பாலும் நம்மைக் காப்பாற்றிக்கொள்வதற்கானதாகவே இருக்குமே தவிர, பாதிக்கப்பட்டவருக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது.

உறுப்பினர் போட்ட பதிவுக்காக நிர்வாகியை, அவர் நிர்வாகி என்ற ஒரே காரணத்துக்காகக் குற்றவாளி ஆக்க முடியாது என்று பாம்பே உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021-இல் சொன்னது. அதே ஆண்டின் இறுதியில் எங்கள் மதுரைக் கிளைக்குக் கரூரிலிருந்து ஒரு வழக்கறிஞர் குழுவின் விவகாரம் வந்தபோது, மனுதாரர் நிர்வாகியாக மட்டுமே இருந்திருந்தால் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்க வேண்டும் என்று நீதிமன்றம் காவல் துறைக்கு அறிவுறுத்தியது. 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் அதே வழியில் சென்றது. ஆனால் பதிவிட்டவரோடு நிர்வாகியும் கூட்டாகத் திட்டமிட்டிருந்தாலோ, "இன்னும் விவரம் இருந்தால் போடுங்கள்" என்று தூண்டியிருந்தாலோ கதை வேறு. ஆகவே செயலாளர் அந்தப் பதிவுக்குக் கீழே கைகூப்பும் குறியோ கட்டைவிரல் குறியோ போட்டிருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

போக்சோ இங்கே பொருந்தாது. அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதைத் தடுப்பது. இங்கே குழந்தை எந்த வழக்கிலும் இல்லை. ஆனாலும் ஒரு சிறுமியின் முகமும் அவள் பள்ளியும் "திருடி" என்ற சொல்லோடு ஒரே படத்தில் சுற்றுகின்றன என்பது, சட்டப் பிரிவு எதுவும் இல்லாமலேயே உடனடியாகக் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஆதாரைப் பொறுத்தவரை, ஆதார் சட்டத்தின் 29(4) பிரிவு ஒருவருடைய எண்ணையும், அதோடு சேர்ந்த விவரங்களையும் படத்தையும் பொதுவில் வெளியிடக் கூடாது என்கிறது. நுழைவுக் கட்டுப்பாடு உள்ள ஒரு குழுவைப் பொதுவெளி என்று சொல்லலாமா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. "எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று எழுதிய பிறகு அந்த வாதம் அவருக்கு எவ்வளவு உதவும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது வரிசைக்கு வருகிறேன். அழிப்பதற்கு முன் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு, எழுதியவர் பெயர், தேதி, நேரம் ஆகியவை தெரியும்படி ஒரே ஒருவர் திரைப்படிவம் எடுத்து, அதைத் தம் கைபேசியிலேயே வைத்துக்கொள்ளட்டும். வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது. நாளை அந்த அம்மாவே புகார் கொடுக்க விரும்பினால், நாம் அழித்துவிட்டதால் அவர் கையில் ஆதாரம் இல்லாத நிலை வரக் கூடாது. மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் காட்ட, பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். படம் நான்கு கைபேசிகள் வழியாகச் சுற்றி வந்திருந்தால் அந்தச் சான்றிதழைக் கொடுக்க ஆள் தேட வேண்டியிருக்கும். எடுத்த கைபேசியும் மாறாமல் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

கம்பியும்கணினியும்

வழக்குரைஞர் சொன்னதோடு, அழிப்பதன் தொழில்நுட்ப எல்லையைச் சேர்த்துக்கொள்கிறேன், ஏனெனில் பலர் அழித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

பிறர் போட்ட பதிவையும் நிர்வாகி அழிக்க முடியும்: பதிவை அழுத்திப் பிடித்து, குப்பைத்தொட்டிக் குறியைத் தொட்டு, `Delete for everyone` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த இடத்தில் நிர்வாகி அழித்தார் என்ற குறிப்பு எல்லோருக்கும் தெரியும். ஆகவே யார் அழித்தது என்ற கேள்வி வரும். அதற்கு ஆயத்தமாக இருங்கள். பதிவிட்டவரே அழிப்பதானால் அவருக்கு இரண்டு நாளைக்குச் சற்று மேல் அவகாசம் உண்டு, அதன் பிறகு அவரால் தம் கைபேசியிலிருந்து மட்டுமே நீக்க முடியும். இரவு பத்து மணிக்குப் போடப்பட்டது என்றால் இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் விவாதித்துக்கொண்டே இருந்தால் அது கரைந்துவிடும்.

அழித்தாலும் மூன்று இடங்களில் படம் தங்கும். ஐபோன் வைத்திருப்பவர்களின் படத்தொகுப்பில் அது தானாகச் சேமிக்கப்பட்டிருந்தால் அங்கேயே இருக்கும். ஏற்கெனவே வேறு குழுக்களுக்கு அனுப்பப்பட்ட நகல்களை உங்கள் அழிப்பு தொடாது. திரைப்படிவம் எடுத்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதனால் ஒரு சிறு வேலையை அழிப்பதற்கு முன்பே செய்யச் சொல்கிறேன். பதிவிட்டவர் தம் பதிவை அழுத்திப் பிடித்து `Info` என்பதைத் திறந்தால், அதை யார் யார் பார்த்துவிட்டார்கள், யாருக்கு வந்து சேர்ந்தும் பார்க்கவில்லை என்ற இரண்டு பட்டியல்கள் தெரியும். இது அவருக்கு மட்டுமே தெரியும், நிர்வாகிக்குத் தெரியாது. நீலக் குறியை அணைத்து வைத்திருப்பவர்களும் குழுப் பதிவுகளில் இந்தப் பட்டியலிலிருந்து தப்ப முடியாது. அந்தப் பக்கத்தை அவர் படமெடுத்து உங்களுக்குக் கொடுத்தால், பிறகு யாரிடம் "உங்கள் கைபேசியிலிருந்தும் நீக்குங்கள், எங்காவது அனுப்பியிருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். 150 பேரிடம் பொதுவாகக் கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை. பெயர் சொல்லித் தனியாகக் கேட்டால் பெரும்பாலோர் சொல்லிவிடுவார்கள்.

மேல்மாடிக்காரர்

எனக்கும் இதே பிரச்சினைதான். எதிர்வீட்டுக்காரர் வைத்துள்ள கண்காணிப்புக் கேமரா நேராக என் வீட்டு வாசலைப் பார்க்கிறது. நான் எப்போது வெளியே போகிறேன், யார் வருகிறார்கள் என்பதெல்லாம் பதிவாகிறது. சங்கத்தில் சொன்னால் பாதுகாப்புக்குத்தானே என்கிறார்கள். அந்தக் கேமராவைத் திருப்பச் சொல்ல எனக்கு உரிமை உண்டா?

கம்பியும்கணினியும்

ஐயா, அது படம் எடுக்கப்படுவது பற்றிய சிக்கல். இங்கே நாம் பேசுவது எடுத்த படம் வெளியே போனது பற்றி. தனி இழையாகத் தொடங்குங்கள், நானும் வந்து எழுதுகிறேன். இங்கே சேர்த்தால் இரண்டுமே குழம்பும்.

சங்கத்தோழி

வீட்டு வேலைத் தொழிலாளர்களோடு பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். இதுவரை எழுதியவர்கள் நிர்வாகியைப் பற்றியும், பதிவிட்டவரைப் பற்றியும், பதிவைப் பற்றியும் பேசிவிட்டார்கள். அந்த அம்மாவிடம் யார் பேசினீர்கள்? அவர் அந்தக் குழுவில் இல்லை. தம் ஆதார் அட்டை 150 கைபேசிகளில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், அல்லது வேலைக்குப் போன இடத்தில் யாரோ காட்டி அவமானப்படுத்தித் தெரிய வந்திருக்கலாம். இரண்டாவது நடப்பதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுவது முக்கியம்.

பேசும்போது திருட்டைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காதீர்கள். "எடுத்தீர்களா, இல்லையா" என்று நிர்வாகி கேட்க ஆரம்பித்தால் அது விசாரணை ஆகிவிடும். "உங்கள் ஆதாரும் படமும் எங்கள் குழுவில் போடப்பட்டன, நாங்கள் அழித்துவிட்டோம், போட்டதற்கான பதிவு எங்களிடம் உங்களுக்காக இருக்கிறது, மகளின் படமும் அதில் இருந்தது, உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்" என்பது போதும். குடியிருப்புக்கு வெளியே வைத்துப் பேசுங்கள், காவலாளி முன்னாலோ அந்த வீட்டு வாசலிலோ வேண்டாம். முடிந்தால் ஒரு பெண் பேசட்டும்.

இன்னொன்றும் கேட்டுவைக்கிறேன்: அவருடைய ஆதார் நகல் அந்த உறுப்பினருக்கு எங்கிருந்து கிடைத்தது? வீட்டு வேலைக்கு வருபவர்கள் பொதுவாக நகலை வீட்டுக்காரரிடம் கொடுப்பதில்லை. வாயிற்காவலில்தான் வாங்கி வைக்கிறார்கள்.

தென்சென்னைவாசி

அனைவருக்கும் நன்றி. அந்தக் கடைசிக் கேள்வி என்னைச் சற்று நிறுத்திவிட்டது, விசாரித்துச் சொல்கிறேன். பதிவிட்டவரிடம் தனியாகப் பேசி, பார்த்தவர்கள் பட்டியலைப் படமெடுத்து வாங்கிக்கொண்டேன். எடுத்த எடுப்பில் கோபப்பட்டார், பிறகு கொடுத்துவிட்டார். பதிவை நானே அழித்துவிட்டேன். இப்போது குழுவில் கீழ்க்கண்டவாறு அறிவிக்கலாம் என்று எண்ணுகிறேன், சரியா என்று பாருங்கள்:

"நேற்று ஓர் உறுப்பினர், தம் வீட்டில் பணிபுரியும் இன்னாரின் ஆதார் நகலை வெளியிட்டு அவர் மீது திருட்டுக் குற்றம் சாட்டியிருந்தார். குற்றம் நிரூபிக்கப்படும் வரை யாரையும் குற்றவாளி என்று சொல்வது முறையல்ல. எனவே அப்பதிவு நீக்கப்பட்டுள்ளது. உறுப்பினர்கள் இனி இவ்வாறு செய்ய வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்."

சங்கத்தோழி

நல்ல எண்ணத்தில்தான் எழுதியுள்ளீர்கள், ஆனால் இதை வெளியிடாதீர்கள். நேற்று இரவு தூங்கிப்போய்ப் பதிவைப் பார்க்காதவர்களுக்கும் இப்போது அவர் பெயரும் திருட்டு என்ற சொல்லும் சேர்ந்தே தெரிந்துவிடும். நிர்வாகியின் பெயரில் வருவதால் அதற்கு எடையும் கூடிவிடும். "நிரூபிக்கப்படும் வரை" என்று சொல்லும்போது நிரூபிக்கப்படப் போகிறது என்ற தொனி வந்துவிடுகிறது.

பெயரையும் குற்றச்சாட்டையும் வேலையையும் விட்டுவிட்டு எழுதுங்கள். நான் எழுதினால் இவ்வாறு எழுதுவேன்: "நேற்று இரவு இந்தக் குழுவில் ஒருவருடைய அடையாள ஆவணமும், குழந்தை ஒன்றின் படமும் அவர்கள் அனுமதி இன்றி வெளியிடப்பட்டன. நிர்வாகிகள் அவற்றை நீக்கிவிட்டோம். உங்கள் கைபேசியின் படத்தொகுப்பில் அவை சேமிக்கப்பட்டிருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள். வேறு யாருக்கேனும் அனுப்பியிருந்தால், அவர்களிடமும் நீக்கச் சொல்லிவிட்டு எனக்குத் தனியாகத் தெரிவியுங்கள். யாரையும் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. இது பற்றிய விவாதம் இந்தக் குழுவில் வேண்டாம்." கடைசி வாக்கியத்தைக் காப்பாற்ற, இரண்டு நாளைக்கு நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி குழுவை மாற்றிவையுங்கள். இல்லாவிட்டால் பதிவு போனாலும் அதைப் பற்றிய பேச்சு அங்கேயே நிற்கும்.

உள்ளதைச்சொல்பவன்

நான் முதலில் எழுதியதில் சட்டப் பிரிவுகள் பிசகியிருக்கலாம். ஆனால் இப்போது பேச்சு வேறு பக்கம் சாய்கிறது என்று படுகிறது. பொருளை இழந்தவருக்கு என்ன வழி? அவருக்கு உண்மையிலேயே சந்தேகம் இருக்கிறது. அதே பெண்மணி மற்ற மூன்று வீடுகளுக்கும் போகிறார் என்றால் அந்த வீட்டுக்காரர்களை எச்சரிப்பது தவறா? உண்மையைச் சொன்னால் அவதூறு ஆகாது என்றுதான் நான் படித்திருக்கிறேன்.

மதுரைவழக்குரைஞர்

கேட்க வேண்டிய கேள்விதான், ஆகவே சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன். நீங்கள் படித்தது பாதி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் உள்ள முதல் விதிவிலக்கு, சொன்னது உண்மையாக இருக்க வேண்டும் என்பதோடு, அதை வெளியிடுவது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. இங்கே சொன்னது உண்மை என்பதே இன்னும் தெரியாது, மோதிரம் காணவில்லை என்பது மட்டும்தான் தெரியும். மோதிரம் இல்லை என்பதற்கும் இன்னார் எடுத்தார் என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை அவர் ஊகத்தால் நிரப்பியிருக்கிறார்.

அதே பிரிவில் நல்லெண்ணத்துடன் ஒருவரை எச்சரிப்பதற்கும், உரிய அதிகாரியிடம் முறையிடுவதற்கும் தனித்தனி விதிவிலக்குகள் உள்ளன. ஆகவே பொருளை இழந்தவருக்கு வழியே இல்லை என்பதல்ல. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கலாம், அங்கே சந்தேகப்படும் நபரின் பெயரையும் தாராளமாகச் சொல்லலாம், அது அவதூறு ஆகாது. அந்தப் பெண்மணி வேலை செய்யும் மற்ற வீட்டுக்காரர் ஒருவரிடம் நேரில் "எங்கள் வீட்டில் மோதிரம் காணவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன்" என்று சொன்னால் அதை நல்லெண்ண எச்சரிக்கை என்று வாதாட முடியும். 150 பேருக்கு ஆதார் எண்ணையும் மகளின் பள்ளியையும் காட்டியதற்கு அந்த வாதம் எட்டாது, ஏனென்றால் எச்சரிப்பதற்கு அவை எதுவும் தேவைப்படவில்லை. வேலைக்கு வைக்க வேண்டாம் என்பதற்கு வீட்டு முகவரி எதற்கு?

அவதூறு, காவல் துறை நேரடியாக வழக்குப் பதியும் வகையைச் சேர்ந்தது அல்ல, பாதிக்கப்பட்டவர் நீதித்துறை நடுவரிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். தினக்கூலியை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்கு அலைய அந்த அம்மாவால் முடியுமா என்பது சட்டப் புத்தகத்தில் இல்லாத கேள்வி. அதனால்தான் குழுவுக்குள்ளேயே உடனே செய்யக்கூடியதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம்.

உள்ளதைச்சொல்பவன்

ஆதாரும் குழந்தையின் படமும் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காவல் நிலையத்தில் ஒரு மோதிரத்துக்காகக் கொடுக்கும் புகார் எவ்வளவு தூரம் போகும் என்று நமக்குத் தெரியாதா? அது போகாது என்பதால்தான் மக்கள் குழுவில் போடுகிறார்கள். அந்தக் காரணத்தைத் தொடாமல் பதிவை மட்டும் அழித்தால் அடுத்த மாதம் வேறொருவர் போடுவார்.

கொரட்டூர்அம்மா

என் மகளுக்கு வரன் பார்த்தபோது சாதகத்தோடு படத்தையும் உறவினர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருமணத் தகவல் குழு ஒன்றில் போட, அங்கிருந்து எத்தனை குழுக்களுக்குப் போனதோ தெரியாது. மகளுக்குத் திருமணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது, இன்னமும் என் எண்ணுக்கு அழைத்து வரன் கேட்கிறார்கள். போட்ட உறவினர் "நல்லதுக்குத்தானே போட்டேன்" என்கிறார். ஒரு குழுவில் போனதைத் திரும்ப எடுக்கவே முடியாதா?

கம்பியும்கணினியும்

அம்மா, முழுவதுமாக முடியாது. ஆனால் நகல் சுற்றிக்கொண்டே இருக்க ஒரு காரணம், அது காலாவதியாகிவிட்டது என்று பார்ப்பவருக்குத் தெரியாததுதான். அழைப்பவர்களிடம் "எந்தக் குழுவில் பார்த்தீர்கள்" என்று கேட்டு, அந்தக் குழுவின் நிர்வாகிக்கு "திருமணமாகிவிட்டது, நீக்குங்கள்" என்று ஒரு வரி எழுதுங்கள். திருமணக் குழு நடத்துபவர்கள் முடிந்துபோன வரனை வைத்திருக்க விரும்புவதில்லை, பெரும்பாலும் உடனே நீக்கிவிடுவார்கள். உங்கள் உறவினரிடம் சண்டையிடுவதைவிட இது பலன் தரும்.

ஆதார் பற்றி மேலே ஒரு பயம் சொல்லப்பட்டிருந்தது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆதார் எண் மட்டும் தெரிந்தால் வங்கியிலிருந்து பணம் எடுக்க முடியாது. ஆதார் வழிப் பணப் பரிமாற்றத்துக்கு விரல்ரேகை போன்ற உடற்கூறு அடையாளம் வேண்டும். விரல்ரேகையைப் போலியாகச் செய்து மோசடி நடந்ததும் உண்டு, ஆகவே பாதுகாப்பாக அந்த அம்மாவின் உடற்கூறு அடையாளத்தைப் பூட்டிவைப்பது நல்லது. `myaadhaar.uidai.gov.in` தளத்திலோ ஆதார் செயலியிலோ அதைச் செய்யலாம். ஆதாரோடு இணைந்த கைபேசி எண்ணுக்கு ஒருமுறைக் கடவுஎண் வரும், அது அவர் கையில் இருக்க வேண்டும். நியாய விலைக் கடையில் விரல் வைத்துப் பொருள் வாங்குபவராக இருந்தால், பூட்டியிருக்கும்போது அங்கே விரல் பதியாது; கடைக்குப் போகும்முன் தற்காலிகமாகத் திறக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நாம் செய்த உதவியே அவருக்கு அரிசி கிடைக்காமல் செய்துவிடும். அதே தளத்தில் ஆதார் எங்கே எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற வரலாற்றையும் பார்க்கலாம். அவர் பெயரில் புதிதாக சிம் வாங்கப்பட்டுள்ளதா என்று `sancharsaathi.gov.in` தளத்தில் பார்க்க முடியும். 1947 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

தென்சென்னைவாசி

நடந்ததைத் தெரிவிக்கிறேன். சங்கத்தோழி அவர்கள் எழுதிய வாசகத்தையே சிறு மாற்றத்துடன் வெளியிட்டேன். பார்த்தவர்கள் பட்டியலில் இருந்தவர்களுக்கு நானும் செயலாளரும் பிரித்துக்கொண்டு தனித்தனியாக எழுதினோம். இருவர், பக்கத்துக் குடியிருப்பின் குழுவுக்கு அனுப்பியதை ஒப்புக்கொண்டார்கள். அந்தக் குழுவின் நிர்வாகியிடம் பேசி அங்கேயும் நீக்கப்பட்டது.

என் மனைவி அந்த அம்மாவை அவர் வீட்டுக்கு அருகிலுள்ள கோயில் வாசலில் சந்தித்துப் பேசினார். அவர் ஏற்கெனவே அறிந்திருந்தார். பக்கத்துக் குடியிருப்பில் அவர் வேலை பார்க்கும் வீட்டில் காலையிலேயே "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்களாம், காரணம் சொல்லவில்லையாம். எங்கள் குழுவில் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று என் மனைவி கேட்டதற்கு, தாம் பார்க்க முடியாத குழுவில் யார் மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்றும், அந்த வீட்டுக்காரரிடம் யாராவது போய்ப் பேச வேண்டும் என்றும் சொன்னார். பிறகு மகளின் படத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். முகப்புப் படத்தை இப்போது மாற்றிவிட்டார். புகார் கொடுக்க அவருக்கு விருப்பமில்லை. திரைப்படிவத்தை எவ்வளவு காலம் நான் வைத்திருக்க வேண்டும்?

ஆதார் நகல் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிட்டது. வாயிலில் உள்ள பணியாளர் கோப்பிலிருந்து, அந்த உறுப்பினர் கேட்டதன் பேரில் காவலாளி படமெடுத்து அனுப்பியிருக்கிறார். கோப்பு பூட்டப்படாத மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பல ஆண்டுகளாக வேலைக்கு வந்து நின்றுபோனவர்களின் நகல்கள் எல்லாம் அதிலேயே உள்ளன.

சங்கத்தோழி

அந்த வீட்டுக்காரரிடம் நீங்களோ செயலாளரோ நேரில் போவதே சரி. "அவர் திருடவில்லை" என்று சொல்லப் போகாதீர்கள், அது உங்களுக்குத் தெரியாது. "எங்கள் சங்கத்தில் எந்த முடிவும் எடுக்கப்படவில்லை, புகாரும் இல்லை, அந்தப் பதிவு ஒருவருடைய தனிப்பட்ட செயல், நாங்கள் நீக்கிவிட்டோம்" என்பது முழு உண்மை, அதைச் சொன்னாலே போதும். வேலை திரும்பக் கிடைக்கும் என்று அந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம்.

மதுரைவழக்குரைஞர்

இன்று புகார் வேண்டாம் என்பவர் மூன்று மாதம் கழித்து வேறு இடத்தில் வேலை மறுக்கப்பட்டால் மனம் மாறலாம். அவதூறுக்குப் புகார் கொடுக்க மூன்று ஆண்டு வரம்பு உண்டு. அதற்காக மூன்று ஆண்டுகள் அவர் ஆதார் உங்கள் கைபேசியில் கிடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவரிடமே கேளுங்கள், அவர் கைபேசிக்கு ஒரு நகல் அனுப்பிவிட்டு, உங்களிடம் உள்ளதை என்ன செய்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். வைத்திருக்கச் சொன்னால், உங்கள் கைபேசி தானாக மேகக் கணக்கில் ஏற்றாத இடத்தில் வையுங்கள்.

கோப்பு விஷயம் உண்மையில் பெரிது. ஓர் உறுப்பினரின் கோபம் தனிமனிதர் சார்ந்தது. கோப்பு சங்கத்தின் பொறுப்பு. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்காக வைத்திருக்கும் தகவலை விட்டுவிடுகிறது. சங்கம் வாயிலில் வாங்கி வைக்கும் ஆவணத்தை அந்த விலக்கில் சேர்ப்பது கடினம். இழுப்பறையில் இருப்பது காகிதம்தானே, மின்னணுத் தரவு இல்லையே என்று யாரேனும் வாதிடலாம். காவலாளி அதைப் படமெடுத்த நொடியில் அந்த வாதம் போய்விட்டது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் உள்ளது. அதுவரை காத்திருக்கக் காரணம் எதுவும் இல்லை.

உள்ளதைச்சொல்பவன்

காவலாளியை வேலையை விட்டு எடுத்துவிடாதீர்கள். வீட்டுக்காரர் கேட்டால் மறுக்கும் இடத்தில் அவர் இல்லை.

கம்பியும்கணினியும்

அதை வழிமொழிகிறேன். வாயிலுக்கு முழு ஆதார் நகல் தேவையே இல்லை. கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை அதே தளத்தில் தரவிறக்கலாம். வேலைக்கு வருபவர் யார் என்று சரிபார்க்க அது போதும். நின்றுபோனவர்களின் நகல்களை எல்லாம் கிழித்துவிடுங்கள், பழைய காகிதக்காரரிடம் அப்படியே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இருப்பவர்களிடமிருந்து மறைப்பு நகலை வாங்கிக்கொண்டு பழையதை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

தென்சென்னைவாசி

ஞாயிற்றுக்கிழமை செயற்குழுவில் கோப்பு விஷயத்தை வைக்கிறேன். பதிவிட்ட உறுப்பினரைக் குழுவிலிருந்து நீக்குவது பற்றி எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. நீக்கினால் அவர் தனியாக ஒரு குழு தொடங்கி அதில் போடுவார், அங்கே எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் செயலாளர். நீக்காவிட்டால் அடுத்தவருக்குத் துணிச்சல் வரும் என்பது என் எண்ணம். அவர் இன்று மாலை காவல் நிலையம் சென்று எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டதாகத் தெரிவித்தார். புகாரில் யார் பெயரையும் குறிப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை.